மூன்றாம் இடத்தில் ஆசனம்

ஒருவர் "யோகா வகுப்புக்குப் போகிறேன்" என்று சொன்னால், உடலை வளைக்கவும் நீட்டவும் முறுக்கவும் கற்றுத்தரும் ஓரிடத்துக்கு அவர் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார் என்றே நாம் புரிந்துகொள்கிறோம். அந்தப் புரிதல் பிழையன்று. இன்று அச்சொல்லுக்குப் பெருவழக்கான பொருள் அதுதான். ஆனால் இந்து தத்துவத்தின் ஆறு தரிசனங்களுள் ஒன்றாக எண்ணப்படும் யோகத்துக்கு மூலநூலாகிய பதஞ்சலியின் யோக சூத்திரத்தைத் திறந்து, அதில் ஆசனங்களைத் தேடுபவர் ஏமாந்துபோவார். குறைந்தது 1,500 ஆண்டுகள் பழமையான அந்நூலில் உள்ளவை 195 சூத்திரங்கள். சில பதிப்புகளில் 196. அவற்றுள் ஆசனம் என்றால் என்ன என்று விளக்குபவை மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் எந்த ஓர் ஆசனத்தின் பெயரும் இல்லை.

யோகத்துக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று அந்நூலின் இரண்டாம் பாதம் வரிசைப்படுத்துகிறது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. இதையே வடமொழியில் அஷ்டாங்க யோகம் என்றும் தமிழில் அட்டாங்க யோகம் என்றும் சொல்கிறோம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இந்த எட்டையும் இதே வரிசையில் பாடுவதால், தமிழில் சமய நூல் படிப்பவர்களுக்கு இப்பெயர்கள் புதியவை அல்ல. எட்டில் ஆசனம் மூன்றாவதாக நிற்கிறது. அதற்கு முன்னால் ஏன் இரண்டு உறுப்புகள் நிற்கின்றன, அவற்றுக்கும் அமர்வதற்கும் என்ன தொடர்பு என்பது விளங்கிவிட்டால், தத்துவம் சொல்லும் யோகம் எங்கே உடற்பயிற்சியிலிருந்து பிரிகிறது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் இந்த எட்டும் எதற்காக என்பதைப் பார்ப்போம். நூலின் இரண்டாவது சூத்திரமே யோகத்துக்கு இலக்கணம் சொல்லிவிடுகிறது: சித்தத்தின் விருத்திகளை அடக்குவது யோகம். விருத்தி என்பது உள்ளத்தில் எழுந்துகொண்டே இருக்கும் அசைவு. அது ஐந்து வகைப்படும்: சரியான அறிவு, பிழையான அறிவு, வெறும் சொல்லைப் பற்றிக்கொண்டு எழும் கற்பனை, உறக்கம், நினைவு. உறக்கமும் இப்பட்டியலில் இருப்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும். இந்த அசைவுகள் ஓயும்போது, இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று, அதாவது புருடன், தன் இயல்பில் நிலைபெறுகிறது என்று அடுத்த சூத்திரம் கூறுகிறது. மற்ற நேரங்களில் அது அந்த அசைவுகளையே தான் என்று எண்ணிக்கொள்கிறது: கோபம் எழுந்தால் 'நான் கோபக்காரன்', முழங்கால் வலித்தால் 'எனக்கு வலிக்கிறது'. பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் பிரித்தறிவதே இத்தத்துவத்தின் குறிக்கோள். உடலும், நாம் வழக்கமாக உயிருக்கு மிக நெருக்கமாக வைத்துப் பேசும் மனமும்கூட, இங்கே பார்க்கப்படும் பக்கத்தில்தான் வைக்கப்படுகின்றன.

இப்போது ஆசனம் பற்றிய மூன்று சூத்திரங்களுக்கு வருவோம். முதலாவது, நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறது. இரண்டாவது, முயற்சியைத் தளர்த்துவதாலும் முடிவற்றதில் உள்ளத்தைப் பொருத்துவதாலும் அது கைகூடும் என்கிறது. மூன்றாவது, அது கைகூடியதும் சூடு, குளிர் போன்ற இரட்டைகள் ஒருவரைத் தாக்குவதில்லை என்கிறது. ஆசனம் என்ற சொல்லுக்கே இருக்கை, இருப்பு என்றுதான் பொருள். இந்நூலுக்கு வியாசர் எழுதிய பழைய உரை பத்மாசனம், வீராசனம், பத்ராசனம், தண்டாசனம் எனச் சில பெயர்களைத் தருகிறது. அப்பட்டியலில் சாய்ந்துகொள்ள ஓர் ஆதாரத்தோடு அமர்வதும் ஆசனமாகவே எண்ணப்பட்டிருக்கிறது. முதுகுக்கு முட்டுக் கொடுத்து அமர்ந்தால் அது ஆசனமாகுமா என்று தயங்குகிறவர்களுக்கு இந்தச் செய்தி உதவும்.

இரண்டாவது சூத்திரம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உடற்பயிற்சியில் பயன் முயற்சியிலிருந்து வருகிறது. தசை இழுபட வேண்டும், இதயம் விரைந்து துடிக்க வேண்டும், நேற்று எட்டாத கால்விரல் இன்று எட்ட வேண்டும். இங்கேயோ முயற்சி தளரும்போதுதான் ஆசனம் முழுமை அடைகிறது. உடலைப் பற்றிய நினைவே எழாத அளவுக்கு உடல் ஓரிடத்தில் அடங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் இந்த உறுப்பின் வேலை. ஒருவர் பத்மாசனத்தில் கச்சிதமாக அமர்ந்து, பற்களைக் கடித்துக்கொண்டு கணுக்கால் வலியைத் தாங்குகிறார். இன்னொருவர் நாற்காலியில் நேராக அமர்ந்து இருபது நிமிடம் உடலை மறந்திருக்கிறார். சூத்திரத்தின்படி ஆசனம் கைகூடியிருப்பது இரண்டாமவருக்குத்தான்.

அப்படியானால் நாம் அறிந்த எண்ணற்ற ஆசனங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றின் பெரும்பகுதி பின்னர் தோன்றிய ஹட யோக மரபிலும், அதற்கும் மிகப் பின்னால் வந்த நவீன காலத்திலும் வளர்ந்தவை. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றியதாகக் கொள்ளப்படும் ஹட யோக பிரதீபிகை விளக்கும் ஆசனங்கள் 15. அவற்றுள் நின்றுகொண்டு செய்வது ஒன்றுகூட இல்லை. அந்த நூலும் தன் பயிற்சிகள் உள்ளத்தை அடக்கிச் சமாதியில் சேர்க்கும் ராஜ யோகத்துக்காகவே சொல்லப்படுவதாகத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. இன்று உலகெங்கும் செய்யப்படும், நின்றும் குனிந்தும் திரும்பியும் தொடர்ச்சியாக ஓடும் பயிற்சி முறைக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி ஆகிய மூவரும் அவரிடம் பயின்றவர்கள். பட்டாபி ஜோயிஸ் தாம் கற்பித்த, வியர்வை சிந்த வைக்கும் ஆசனத் தொடருக்கு அஷ்டாங்க யோகம் என்றே பெயர் வைத்ததால் பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டது. வகுப்பு அறிவிப்பில் 'அஷ்டாங்க' என்று கண்டால், அது பெரும்பாலும் இந்தத் தொடரைக் குறிக்கும். நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் எட்டு உறுப்புகளை அன்று.

இனி ஆசனத்துக்கு முன்னால் நிற்கும் இரண்டு உறுப்புகள். இயமம் என்பது பிறரோடு நடந்துகொள்வதில் தன்னைத் தடுத்துக்கொள்வது. இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரம்மசரியம், தேவைக்கு மேல் பொருளைப் பற்றிக்கொள்ளாமை என அது ஐந்து. நியமம் என்பது தன்னளவில் கடைப்பிடிப்பது. தூய்மை, மனநிறைவு, தவம், ஓதி உணர்தல், இறைவனிடம் ஒப்படைத்தல் என அதுவும் ஐந்து. இவற்றைப் பொதுவான நல்லொழுக்கப் பட்டியல் என்று எண்ணி விரைந்து கடந்துவிடுவது வாசகர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்து சென்றேன்.

பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை என்னும் நான்காலும் வரம்பிடப்படாதபோது இயமம் மாவிரதம் ஆகிறது என்று ஒரு சூத்திரம் சொல்கிறது. வியாசரின் உரை இதற்கு மீனவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மீனவர் ஒருவர் மீனைத் தவிர வேறெதையும் கொல்வதில்லை என்றால், அது பிறப்பால் வரம்பிட்ட கொல்லாமை. புண்ணியத் தலத்தில் கொல்ல மாட்டேன் என்பது இடத்தால் வரம்பிட்டது. சதுர்த்தசி அன்று கொல்ல மாட்டேன் என்பது காலத்தால் வரம்பிட்டது. இவையெல்லாம் நல்லவையே என்றாலும் மாவிரதம் ஆகா. 'வீட்டில் பொய் சொல்ல மாட்டேன், தொழிலில் சில நேரம் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது' என்று நாம் சொல்லிக்கொள்வதும் இதே வகை வரம்புதான்.

இதற்கும் கண்ணை மூடி அமர்வதற்கும் என்ன தொடர்பு என்பதை நான் கண்டுகொண்டது ஒரு சிறிய நிகழ்ச்சியில். அன்று காலை, நான் தொடங்கியே இராத ஒரு வேலையைப் பற்றி மேலதிகாரி தொலைபேசியில் கேட்டபோது, "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் இழப்பில்லாத பொய் என்று அப்போது தோன்றியது. மாலையில் வழக்கம்போல் ஆசனப் பயிற்சியை முடித்தேன். அதில் எந்தத் தடையும் ஏற்படவில்லை. காலையில் சொன்ன பொய் முன்னோக்கிக் குனிவதைக் கொஞ்சமும் கெடுக்கவில்லை. பிறகு அமர்ந்து, மூக்கு நுனியில் மூச்சுப் படும் இடத்தில் கவனத்தை வைத்தேன். நான்கைந்து மூச்சுகளுக்குள் அந்தத் தொலைபேசிக் குரல் வந்துவிட்டது. திரும்ப மூச்சுக்கு வந்தால், நாளை அவர் கேட்டால் என்ன சொல்வது என்ற ஒத்திகை தொடங்கியது. அதை விட்டால், அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் விசாரித்திருப்பாரோ என்ற கற்பனை. பதினைந்து நிமிடமும் உள்ளம் அந்த ஒரு வாக்கியத்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

சூத்திரத்தின் மொழியில் சொன்னால், நினைவு என்னும் விருத்தியும் கற்பனை என்னும் விருத்தியும் மாறி மாறி எழுந்தன. அவற்றுக்குத் தீனி போட்டது காலையில் செய்த செயல். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒத்திகை பார்க்க எதுவும் இருந்திருக்காது. இயமம் முதலில் நிற்பதன் காரணம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. புண்ணியம் சேர்ப்பது அதன் முதல் வேலையாக இங்கே சொல்லப்படவில்லை; உள்ளத்தில் புதிதாக அசைவுகளை விதைக்காமல் இருப்பதே அதன் முதல் வேலை. உடற்பயிற்சிக்கு இந்தத் தொடர்பு தேவையில்லை. பொய் சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் தசை ஒரே மாதிரிதான் வலுவடையும்.

இத்தகைய தடைக்கு நூல் ஒரு முறையும் சொல்கிறது. தீய எண்ணம் தொல்லை தரும்போது அதற்கு எதிரானதை உள்ளத்தில் வளர்க்க வேண்டும். அதற்குப் பிரதிபட்ச பாவனை என்று பெயர். 'நல்லதையே நினை' என்ற அளவோடு இது நின்றுவிடுவதில்லை. அந்தத் தீச்செயலைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது: தானே செய்ததா, பிறரைக் கொண்டு செய்வித்ததா, பிறர் செய்ய உடன்பட்டதா, ஆசையால் விளைந்ததா, கோபத்தால் விளைந்ததா, மயக்கத்தால் விளைந்ததா, மென்மையானதா, நடுத்தரமானதா, கடுமையானதா. மும்மூன்றாகப் பெருக்கினால் 27 வகை; வியாசர் உரை மேலும் பகுத்து 81 என்று கணக்கிடுகிறது. என் பொய்யை இதில் வைத்துப் பார்த்தேன். நானே செய்தது; நல்ல பெயர் மீதுள்ள ஆசையால் விளைந்தது; மென்மையானது. கடைசிச் சொல்லில் நிம்மதி அடையவும் நூல் விடுவதில்லை. மென்மையானதாயினும் துன்பமும் அறியாமையுமே அதன் முடிவற்ற விளைவு என்பதை எண்ணச் சொல்கிறது. மறுநாள் காலை மேலதிகாரியை அழைத்து, வேலையை இன்னும் தொடங்கவில்லை என்று சொன்னேன். அன்று மாலை அமர்ந்தபோது முழங்கால் வலித்தது, தெருவில் கேட்ட ஒலிகள் இழுத்தன. ஆனால் அந்த வாக்கியம் வரவில்லை.

ஆசனத்துக்குப் பிறகு வரும் பிராணாயாமம், மூச்சு உள்ளே வருவதும் வெளியே போவதுமான ஓட்டத்தை இடைநிறுத்துவது. ஆசனம் கைகூடிய பின்பே அது என்று சூத்திரம் வெளிப்படையாகச் சொல்கிறது. இடம், காலம், எண்ணிக்கை ஆகியவற்றால் அளந்து மூச்சை நீளமாகவும் நுண்மையாகவும் ஆக்குவதன் பயன், உள்ளம் தாரணைக்குத் தகுதி பெறுவது. நுரையீரலின் கொள்ளளவு பற்றி நூலில் பேச்சில்லை. மூச்சைப் பிடித்து நிறுத்தும் பயிற்சிகளை இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது என்பதை இங்கே சொல்லிவிடுவது என் கடமை. பிரத்தியாகாரம் என்பது புலன்கள் தத்தம் பொருள்களை விட்டு உள்ளத்தைப் பின்பற்றுவது. தலைமைத் தேனீ பறந்தால் மற்றத் தேனீக்கள் பறப்பதும், அது அமர்ந்தால் அவை அமர்வதும் போல என்று வியாசர் உவமை சொல்கிறார். காதைப் பொத்திக்கொள்வது பிரத்தியாகாரம் ஆகாது. ஒலி காதில் விழுந்தும் உள்ளம் அதன் பின்னால் போகாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

கடைசி மூன்று உறுப்புகளைத் தனித்தனிப் பயிற்சிகளாக எண்ணிவிடக் கூடாது. ஒரே செயல் ஆழ்ந்துகொண்டே போவதன் மூன்று கட்டங்கள் அவை. உள்ளத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அந்த இடம் உந்தியாகவோ, நெஞ்சமாகவோ, மூக்கு நுனியாகவோ, நாக்கு நுனியாகவோ, வெளியில் உள்ள ஒரு பொருளாகவோ இருக்கலாம். தொடக்கத்தில் உள்ளம் நழுவும், திரும்பக் கொண்டுவருவோம், மீண்டும் நழுவும். நாம் 'தியானம் செய்தேன்' என்று சொல்லும் நேரத்தின் பெரும்பகுதி உண்மையில் இந்தத் தாரணை முயற்சிதான். இடைவெளியே விழாமல் அந்த ஒரே உணர்வு ஓடத் தொடங்கும்போது அது தியானம். சொட்டுச் சொட்டாக விழும் நீருக்கும் இழை அறாமல் வீழும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை மரபில் இதற்கு உவமையாகச் சொல்வார்கள். அதிலும் 'நான் இதில் ஆழ்ந்திருக்கிறேன்' என்ற உணர்வு மறைந்து, பொருள் மட்டுமே விளங்கினால் அது சமாதி. தமிழில் இச்சொல் அடக்கம் செய்த இடத்தைக் குறிக்கவும் வழங்குவதால், சமாதி என்றால் உணர்விழப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நூலின்படி அது விழிப்பின் மிகக் கூர்மையான நிலை.

இங்கே தொடக்கநிலையில் இருப்பவர் ஏமாறும் இடங்கள் இரண்டு. அமர்ந்த சிறிது நேரத்தில் எண்ணங்கள் மங்கி, தலை இலேசாகச் சாய்ந்து, கண் திறக்கும்போது அரை மணி நேரம் போயிருக்கும். ஏதோ ஆழத்துக்குப் போய்வந்ததாகத் தோன்றும். அது உறக்கம். ஐந்து விருத்திகளுள் உறக்கமும் ஒன்று என்று முன்னரே பார்த்தோம்; ஆகவே அது அடக்கப்பட வேண்டியவற்றில் சேர்ந்தது. கவனம் வைத்த பொருள் கடைசியாக எப்போது தெளிவாக இருந்தது என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றொன்று, 'இன்று தியானம் கூடிவிட்டது' என்று அமர்ந்திருக்கும்போதே மகிழ்வது. அந்த மகிழ்ச்சியே இன்னொரு எண்ணமாகையால், அது எழுந்த நொடியில் இழை அறுந்துவிட்டது. முன்னைய ஐந்தோடு ஒப்பிட்டால் இந்த மூன்றும் உள்ளுறுப்புகள் என்று சொல்லும் பதஞ்சலி, அடுத்த சூத்திரத்திலேயே, எந்தப் பொருளையும் பற்றாத நிர்பீஜ சமாதிக்கு இவையும் வெளியுறுப்புகளே என்கிறார்.

இவ்வளவும் சொன்னதால் உடற்பயிற்சியாகச் செய்யப்படும் யோகாவை நான் தாழ்த்துவதாகக் கொள்ள வேண்டாம். சித்தத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளை நூல் எண்ணும்போது முதலாவதாக வைப்பது நோயை. அத்தடைகளோடு கூடவே வருபவற்றுள் உடல் நடுக்கமும் ஒழுங்கற்ற மூச்சும் இருக்கின்றன. இடுப்பு இறுகிப்போய்ப் பத்து நிமிடம்கூடத் தரையில் அமர முடியாதவருக்கு முதலில் வேண்டியது நீட்டலும் வளைத்தலும்தான். நான் இப்போதும் மாலையில் முதல் 30 நிமிடம் அவற்றைச் செய்துவிட்டு, ஒரு மடித்த போர்வையின் மேல் அமர்கிறேன். முதுகு தானாக நிமிர்ந்து, கால்களைப் பற்றிய நினைவு போய், கைகள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை சில நாட்களில் வருகிறது. சூத்திரம் ஆசனம் என்று அழைப்பது அதைத்தான். அதற்கு முந்தைய 30 நிமிடம், அங்கே வந்து அமர்வதற்கான ஆயத்தம்.